இரண்டாவது கடைக்கு பாலிசி தானாக வராது

ஈரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் ஒருவர் பெருந்துறையில் இன்னொரு கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈரோட்டுக் கடைக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஃபயர் பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், புயல் எல்லாம் அதில் அடக்கம். அதே முதலாளி, அதே பெயர், அதே சரக்கு. பாலிசியும் கூடவே வந்துவிடும் என்று அவர் நினைத்தால், பெருந்துறைக் கடை ஒரு பைசா காப்பும் இல்லாமல்தான் திறக்கும்.

தீக் காப்பீடு ஆளைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது. பாலிசியோடு வரும் ஷெட்யூலில் எழுதியிருக்கும் முகவரியில் உள்ள பொருளுக்குத்தான் காப்பு. புது முகவரியை அதில் ஏற்றுவதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி தரும் இணைப்புத்தாளை எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். பழைய பாலிசியை ரத்து செய்ய வேண்டியதில்லை, புதிதாக எடுக்கவும் வேண்டியதில்லை.

கேட்பதற்கு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் போதும். ஆனால் ‘புதுக் கடையைச் சேர்க்கவும்’ என்று ஒரு வரி எழுதினால், கம்பெனி திரும்பத் திரும்பக் கேள்வி அனுப்பும், நாள் ஓடும். பாலிசி எண், கதவு எண்ணும் பின்கோடும் உள்ள முழு முகவரி, எத்தனையாவது தளம், கான்கிரீட் கூரையா தகரமா, கடையில் என்ன சரக்கு, எந்தத் தேதி முதல் காப்பு வேண்டும் என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். வாடகைக் கட்டடம் என்றால் கட்டடத்தை விட்டுவிட்டு சரக்குக்கும், நீங்கள் செய்த அலமாரி, ஏசி போன்றவற்றுக்கும் மட்டும் தொகை கேட்கலாம். ஜிஎஸ்டி பதிவிலும் புதுக் கடையைக் கூடுதல் இடமாக 15 நாளுக்குள் சேர்க்க வேண்டும். நாளை க்ளெய்ம் வந்தால் சர்வேயர் அந்தப் பதிவையும் கேட்டுப் பார்ப்பார்.

செலவு பயப்படும் அளவு இல்லை. பெருந்துறைக்கு 30 லட்ச ரூபாய்க்குக் காப்பு கேட்கிறார், கட்டணம் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் என்று கணக்குக்காக வைப்போம். முழு ஆண்டுக்கு 3,000 ரூபாய். அக்டோபர் 1-இல் சேர்த்தால் பாலிசி முடிய மிச்சம் 182 நாள்தான், அதனால் சுமார் 1,496 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,765. திறப்பு விழா அன்று கொடுக்கும் காபிக்கே இதைவிட ஆகும்.

பணம் கட்டும் நேரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64VB பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி எந்த ஆபத்தையும் ஏற்க முடியாது. மெயில் அனுப்பியாயிற்று, ஏஜென்ட் ‘பார்த்துக்கிறேண்ணே’ என்று சொல்லியாயிற்று. இரண்டுமே காப்பு ஆகாது. வண்டியில் சரக்கு ஏறுவதற்கு முன்பே எண்டார்ஸ்மென்ட் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது தொகை. ஈரோட்டிலிருந்து பாதிச் சரக்கு பெருந்துறைக்குப் போனால், அங்கே குறைத்து இங்கே கூட்டச் சொல்லலாம். துணிக்கடையில் இது அவ்வளவு சுலபமில்லை. தீபாவளிக்கு ஒரு கடை நிரம்பும், அடுத்த மாதம் பாதி சரக்கு இன்னொன்றுக்குப் போகும். பெருந்துறைச் சரக்குக்கு 20 லட்சம் என்று எழுதிக்கொடுத்தவரிடம் தீப்பிடித்த அன்று 30 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது, எரிந்தது 6 லட்சத்துக்கு என்றால், அவர் மூன்றில் இரண்டு பங்குதான் காப்பு எடுத்தவர் ஆகிறார். அதனால் கிடைப்பதும் 6 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 லட்சம். அதிலும் பாலிசிப்படி நாம் ஏற்க வேண்டிய பங்கு கழியும். ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ளமாட்டார்கள். இங்கே குறைவு 33 சதவீதம், அந்தச் சலுகை எட்டாது.

சரக்கு இப்படி அங்கும் இங்கும் போகும் கடைக்காரர், இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாக ஃப்ளோட்டர் கேட்பதுதான் நல்லது என்பேன். அப்போதும் இரண்டு முகவரியும் ஷெட்யூலில் இருந்தாக வேண்டும்.

எண்டார்ஸ்மென்ட் வந்ததும் உறையோடு பீரோவில் வைத்துவிடாதீர்கள். கதவு எண் சரியா, காப்பு தொடங்கும் தேதி எது, சரக்குக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சரக்கின் மேல் கடன் இருந்தால் வங்கியின் பெயரும் அதில் வேண்டும். திருட்டுக்குத் தனி பாலிசி வைத்திருந்தால் அதற்கும் இதே போல் ஒரு கடிதம் தனியாகப் போக வேண்டும்; ஃபயர் பாலிசியில் முகவரி ஏறியதால் அதில் ஏறிவிடாது.