லாபக் கணக்கில் தெரியாத பள்ளம்

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சிறு யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் 4 லட்சத்துக்குப் பில். கூலி, வாடகை, கரண்ட் என்று 3 லட்சம் செலவு. லாபம் 1 லட்சம். பிறகு கடன் எதற்கு என்று வங்கி மேலாளர் கேட்பார்.

பதில் ரொக்க வரவு-செலவு மதிப்பீட்டில் இருக்கிறது. அதில் பில் போட்ட தேதிக்கு மதிப்பில்லை; பணம் கைக்கு வரும் மாதமே கணக்கு. கூலி சனிக்கிழமைதோறும் போய்விடும். பில் பணமோ 60 நாள் கழித்துத்தான் வரும்.

கையிருப்பு 1.5 லட்சத்தோடு ஏப்ரல் தொடங்கினால், மாதக் கடைசியில் 1.5 லட்சம் பற்றாக்குறை. மே முடிவில் 4.5 லட்சம். ஜூனில் ஏப்ரல் பில் வசூலாகி, அது 3.5 லட்சமாகக் குறையும். ஆக, ஆழமான பள்ளம் 4.5 லட்சம். கேட்கவேண்டிய நடைமுறை மூலதனத்துக்கு இதுவே அடிப்படை. வட்டியையும் செலவில் சேர்க்கவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பள்ளத்தை மறைக்க, 30 நாளில் வசூல் என்று எழுதுவோரும் உண்டு. வங்கிக் கணக்கு அறிக்கையைப் புரட்டினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட, வசூல் ஒரு மாதம் தள்ளிப்போனால் ஜூனில் பற்றாக்குறை 7.5 லட்சமாகும் என்பதையும் தனிப் பத்தியில் காட்டுவது நல்லது.