சம்பள ஓட்டுநர், கிளீனர் சட்டப் பொறுப்புக் காப்பீடு

சம்பள ஓட்டுநர், கிளீனர் சட்டப் பொறுப்புக் காப்பீடு என்பது இந்தியாவில் வணிக வாகனப் பாலிசியுடன் சேர்த்து எடுக்கப்படும் ஒரு பிரிவு. உரிமையாளர் வேலைக்கு வைத்த ஓட்டுநர், நடத்துநர் அல்லது கிளீனர் பணியின்போது விபத்தில் இறந்தாலோ காயமடைந்தாலோ, அவர் சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. பாலிசியில் இது ஐ.எம்.டி. 28 என்ற எண்ணில் குறிக்கப்படும்.

உரிமையாளரின் பொறுப்பு

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, பணியின் காரணமாகப் பணியின்போது நேரும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பாக இருந்தார். தவறு யாருடையது என்பது பொதுவாகப் பார்க்கப்படவில்லை. தன் கவனக்குறைவால் லாரியை மரத்தில் மோதிய ஓட்டுநர், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் தன் முதலாளியிடம் இழப்பீடு பெறுவது கடினம். இச்சட்டத்தின்கீழ் அவரது குடும்பம் கேட்க முடிந்தது. ஆனால் இரண்டு வழிகளில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது.

கணக்கிடும் முறை

இச்சட்டப்படி இறப்புக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 3 முதல், இச்சட்டத்தின்கீழ் கணக்கில் கொள்ளப்பட்ட சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாயாக இருந்தது.

எடுத்துக்காட்டாக, 2023இல் மாதம் 12,000 ரூபாய் சம்பளம் பெற்ற 25 வயது கிளீனர் ஒருவர் லாரி கவிழ்ந்து இறந்ததாகக் கொள்வோம். பாதிச் சம்பளம் 6,000. 25 வயதுக்கான காரணி 216.91. இழப்பீடு 13,01,460 ரூபாய். அதே லாரியின் ஓட்டுநருக்குச் சம்பளம் 18,000 என்றாலும், 15,000 மட்டுமே கணக்கில் வரும்.

கிளீனரைச் சேர்த்திருக்க வேண்டும்

இக்காப்பீட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரீமியம் வாங்கப்படுகிறது. பயணிகள் வாகனம் ஒன்றின் கிளீனர் இறந்த வழக்கில், அவருக்காகப் பிரீமியம் செலுத்தப்படாததால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003இல் (ராமாஷ்ரய் சிங் வழக்கு) தீர்ப்பளித்தது. ஆகவே பாலிசியின் பிரீமியம் அட்டவணையில் எத்தனை பேருக்குத் தொகை கட்டப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். ஓட்டுநரும் கிளீனரும் செல்லும் லாரிக்கு ‘1’ என்றிருந்தால், ஒருவர் விடுபட்டிருக்கிறார்.

அட்டவணையில் உள்ள ‘உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு’ உரிமையாளருக்கு உரியது. அது சம்பள ஓட்டுநருக்குப் பயன்படாது.

வரம்புகள்

பணியாளர்களின் பெயரையும் சம்பளத்தையும் உரிமையாளர் பதிவு செய்து வைத்திருப்பது இப்பிரிவின் நிபந்தனை. பதிவு இல்லையென்றால், இறந்தவர் தன் பணியாளர்தான் என்று காட்டுவதே சிக்கலாகும்.

1923ஆம் ஆண்டின் சட்டப்படி, இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி சேர்ந்தது. தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்க முடிந்தது. 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி (வேத் பிரகாஷ் கர்க் வழக்கு) வட்டி காப்பீட்டு நிறுவனத்தைச் சேரும். அபராதம் உரிமையாளரையே சேரும். எனவே விபத்து நடந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.