குடலைச் சுற்றிய கணையம்

பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. பால் கொடுத்த ஒவ்வொரு முறையும் குழந்தை வாந்தியெடுக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டே இரண்டு காற்றுக் குமிழிகள். பெரியது இரைப்பை, பக்கத்தில் உள்ள சிறியது டியோடினம், அதாவது சிறுகுடலின் தொடக்கம். அதற்குக் கீழே காற்றே இல்லை. கர்ப்பத்தின்போது தாய்க்குப் பனிக்குட நீர் அதிகமாக இருந்ததற்கும் இப்போது காரணம் புரிகிறது: சிசு விழுங்கிய நீர் குடலில் இறங்க வழியில்லை.

இந்த அடைப்புக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் விசித்திரமானது, கணையமே டியோடினத்தை வளையம்போலச் சுற்றிக்கொள்வது.

அது எப்படி நேர்கிறது என்று அறிய, கருவின் நான்காவது வாரத்துக்குப் போக வேண்டும். அப்போது குடல் ஒரு நேர்க்குழாய். அதன் முன்பகுதி முடியும் இடத்தில், வயிற்றுப் பக்கமாக ஒரு மொட்டு அரும்புகிறது. அதன் மேல்பகுதி பெருத்துக் கல்லீரலாகிறது, கீழ்ப்பகுதி பித்தப்பையாகிறது. குடலோடு இருந்த இணைப்பே பித்தக் குழாயாக நிலைக்கிறது.

கணையத்துக்கு மொட்டு இரண்டு. பெரியது முதுகுப் பக்கம் முளைக்கிறது. சின்னது முன்பக்கம், பித்தக் குழாயின் அடியில் ஒட்டினாற்போல. டியோடினம் வலப்புறம் திரும்பி வளையும்போது, சின்ன மொட்டு பித்தக் குழாயோடு சேர்ந்து குடலின் பின்புறமாகச் சுற்றிப்போய்ப் பெரிய மொட்டின் கீழே அமர்கிறது. ஏறத்தாழ ஏழாவது வாரத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. பித்தமும் கணைய நீரும் பெரும்பாலோருக்கு ஒரே வாயில் வழியே குடலில் இறங்குவது இந்தப் பயணத்தால்தான்.

பயணத்தில்தான் சிக்கல். சின்ன மொட்டின் நுனி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மீதிப் பகுதி சுற்றிப்போகும். இழுபட்ட திசு குடலைச் சுற்றிப் பட்டையாகிவிடும். லெக்கோ 1910-இல் தந்த விளக்கம் இது. அதே ஆண்டு பால்ட்வின் வேறொன்று சொன்னார்: முன்மொட்டு முதலில் வலம், இடம் என இரட்டையாக இருக்கும், மறைய வேண்டிய இடப்பாதி மறையாமல் எதிர்ப்புறமாக வளர்ந்துவிடுகிறது. ஒரே கோட்பாட்டால் எல்லா நோயாளிகளையும் விளக்க முடிவதில்லை.

வளையத்தை வெட்டிவிட்டால் போதாதா? கூடாது. அதற்குள் கணைய நீர்க்குழாய் ஓடலாம்; வெட்டினால் நீர் கசிந்து சுற்றியுள்ள திசுக்களைக் கெடுக்கும். பல குழந்தைகளுக்கு அடியில் குடலே குறுகியிருக்கும் என்பதால், வெட்டியும் பயனிருக்காது. அறுவை மருத்துவர்கள் வளையத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள குடலைத் திறந்து ஒன்றோடொன்று தைத்து மாற்றுவழி அமைக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இக்குறை கூடுதலாகக் காணப்படுவதால் இதயத்தையும் பரிசோதிப்பார்கள்.

வளையம் தளர்வாக இருந்தால் குழந்தைப் பருவம் சிக்கலின்றிக் கடந்துவிடும். சிலருக்கு நடுவயதில் வயிற்றுவலியோ கணைய அழற்சியோ வந்த பிறகே தெரியவரும். வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டு, தொந்தரவும் இல்லையென்றால், அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.