செயலி அறிவிப்புகளும் செத்துப்போன டோக்கன்களும்

கைபேசிச் செயலிகள் அனுப்பும் அறிவிப்புகள் இரண்டு வழிகளில் வந்து சேர்கின்றன. பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்று, கூகுளின் ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் சேவையைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ‘மழையால் மதுரைத் தடத்தில் தாமதம்’ என்ற செய்தி அந்தத் தடத்தில் பயணிக்கும் எல்லாருக்கும் பொது. இதற்குத் தலைப்பு வழி ஏற்றது. விரும்பும் கைபேசிகள் ஒரு தலைப்பில் சந்தா சேர்ந்துகொள்கின்றன. நிறுவனம் ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும், எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பது கூகுளின் வேலை. ஆனால் தலைப்பின் பெயர் தெரிந்த எந்தச் செயலிப் பிரதியும் அதில் சேரலாம் என்பதால் அந்தரங்கத் தகவலை அதில் அனுப்பக் கூடாது.

‘உங்கள் இருக்கை எண் 14’ என்பது ஒருவருக்கு மட்டும் உரியது. அதற்கு டோக்கன் வேண்டும். கைபேசியில் நிறுவப்பட்ட ஒவ்வொரு செயலிப் பிரதிக்கும் கூகுள் தரும் நீண்ட அடையாளமே டோக்கன். அது ஆளைக் குறிப்பதில்லை. எனவே எந்தப் பயணிக்கு எந்த டோக்கன் என்ற பட்டியலை நிறுவனமே வைத்திருக்க வேண்டும். ஒருவரிடம் இரண்டு கைபேசிகள் இருந்தால் அவர் பெயரில் இரண்டு டோக்கன்கள் இருக்கும்.

சிக்கல் இந்தப் பட்டியலில்தான். செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாலோ அதன் தரவை அழித்தாலோ புதிய டோக்கன் பிறக்கிறது. பழையது பட்டியலில் அப்படியே கிடக்கிறது. அதற்கு அனுப்பினால் கூகுள் `UNREGISTERED` என்ற பிழையைத் திருப்புகிறது. அந்த வரியை உடனே அழித்துவிடலாம். `INVALID_ARGUMENT` என்று வந்தால் பொறுக்க வேண்டும்: செய்தியின் வடிவம் பிழையாக இருந்தாலும் இதே பதில்தான் வரும். செய்தி சரிதான் என்று உறுதியான பிறகே டோக்கனை நீக்க வேண்டும்.

பயணி புதுக் கைபேசி வாங்கி, பழையதை அணைத்து அலமாரியில் போட்டுவிட்டால் பிழை ஏதும் வராது. கூகுள் செய்தியை ஏற்றுக்கொள்ளும், யாரும் பார்க்கமாட்டார்கள். ஆண்ட்ராய்டில் 270 நாள்கள் தொடர்பே இல்லாத டோக்கன்தான் காலாவதியாகிறது. அதுவரை ‘அனுப்பியாயிற்று’ என்ற கணக்கு, உண்மையில் சேர்ந்ததைவிடக் கூடுதலாகவே காட்டும்.

இதற்குத் தீர்வு தேதி. செயலி தன் டோக்கனை அவ்வப்போது சர்வருக்கு அனுப்ப, சர்வர் அந்த நாளைக் குறித்துக்கொள்கிறது. ஒரு மாதம் புதுப்பிக்கப்படாத டோக்கனைப் பழையதாகக் கருதலாம் என்பது கூகுளின் பரிந்துரை. அத்தகையவற்றைத் தலைப்புச் சந்தாவிலிருந்தும் விலக்க வேண்டும். பயணி திரும்பி வந்தால் மறுபடி சேர்க்க வேண்டும்.

பயணி கணக்கிலிருந்து வெளியேறும்போதே அவர் பெயரிலிருந்து டோக்கனைப் பிரித்துவிடுவதும் அவசியம். இல்லையேல் அந்தக் கைபேசியை அடுத்துப் பயன்படுத்துபவருக்கு முன்னவரின் பயண விவரம் போய்ச் சேரும்.