கேம் கணக்குக்கு இரண்டாம் பூட்டு

2011இல் வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் தம்முடைய ஸ்டீம் கணக்கின் பாஸ்வேர்டை ஊரறியச் சொன்னார். முடிந்தால் நுழைந்து பாருங்கள் என்ற தைரியம்! காரணம், அப்போது புதிதாக வந்திருந்த ‘ஸ்டீம் கார்டு’ வசதி. அறிமுகமில்லாத கணினியிலிருந்து நுழைந்தால், மின்னஞ்சலுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும்.

ஆனாலும் மாதம் சுமார் 77,000 கணக்குகள் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் அதே நிறுவனமே ஒப்புக்கொண்டது. மின்னஞ்சலே திருடன் கைக்குப் போய்விட்டால் அங்கே வரும் குறியீட்டால் என்ன பயன்? அதனால் ஸ்டீமின் மொபைல் ஆப்பில் உள்ள வசதியே மேல். ஐந்து எழுத்துக் குறியீடு போனிலேயே உருவாகி, 30 நொடிக்கொரு முறை மாறும்.

அதையும் நம் கையாலேயே கொடுக்க வைப்பார்கள். பத்து வருடமாக முந்நூறு கேம் வாங்கிச் சேர்த்த ஒருவருக்கு, நண்பரின் கணக்கிலிருந்து “மச்சி, எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு” என்று ஒரு லிங்க் வருகிறது. நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோனது அவருக்குத் தெரியாது. சொடுக்கினால் ஸ்டீம் லாகின் சின்ன ஜன்னலாகத் திறக்கிறது. முகவரிகூடச் சரியாகவே தெரிகிறது. ஜன்னலைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பைத் தாண்டவில்லையென்றால் அது வெறும் படம். அதில் தட்டிய குறியீட்டைத் திருடன் அந்த அரை நிமிடத்துக்குள் உண்மையான தளத்தில் போட்டுவிடுவான். அங்கே தெரியும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் இதே கதிதான்.

சிக்கிவிட்டால், வைரஸ் இல்லாத வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், ஸ்டீமுடையது அதன் பிறகு. பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். steamcommunity.com/dev/apikey பக்கத்தில் நீங்கள் பதியாத சாவி இருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பின்னும் உங்கள் பொருள் பரிமாற்றங்களைத் திருடன் அதை வைத்துக் கண்காணிக்க முடியும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

உள்ளேயே போக முடியவில்லையென்றால் help.steampowered.com. கணக்கு உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: முதலில் பதிந்த மின்னஞ்சல், பணம் கட்டிய விவரம், கடையில் வாங்கிய டிஸ்க் பெட்டியில் அச்சிட்ட சாவி. பழைய ரசீது மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருந்தவர் பாடு சுலபம்.

போன் தொலைவது வேறு கதை. ஆப்பில் R என்று தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது வீண். தாளில் எழுதி வையுங்கள். பதிந்த எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் மூலமும் மீளலாம் என்பதால், சிம் மாற்றும் முன்பே எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள்.

‘ஸ்டீம் அதிகாரி’ என்று டிஸ்கார்டில் யாராவது உதவ வந்தால் பிளாக் செய்யுங்கள். நிஜ ஊழியர்கள் அரட்டையில் வருவதில்லை.