டிக் அடிப்பதற்கு முன்

வங்கிக் கடன் கேட்டு ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 12 ஸ்லைடுகள் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பவர் மேலாளர். கணக்காளர், இரண்டு இயக்குநர்கள், வங்கி நடைமுறை தெரிந்த நண்பர் ஒருவர் ஆகிய நால்வரும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் நான்கு திருத்தப் பிரதிகள் திரும்பி வரும். எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாது. கூகுள் ஸ்லைட்ஸில் ஒரே கோப்பை எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பகிரும்போது ‘Editor’ உரிமை கொடுக்காமல் ‘Commenter’ உரிமை கொடுப்பது நல்லது. கூகுள் டாக்ஸில் திருத்தத்தைப் பரிந்துரையாக எழுதிவைக்கும் வசதி உண்டு, ஸ்லைட்ஸில் கிடையாது. திருத்தும் உரிமை உள்ளவர் கைவைத்தால் அது அப்போதே மாறிவிடும்.

கருத்து எங்கே ஒட்டுகிறது என்பதும் முக்கியம். எதையும் தேர்ந்தெடுக்காமல் எழுதினால் அது முழு ஸ்லைடுக்கும் உரியதாகிவிடும். “இந்த எண்ணைச் சரிபாருங்கள்” என்று இயக்குநர் எழுதுகிறார். ஸ்லைடில் ஆறு எண்கள் இருக்கின்றன. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+M அழுத்தியிருந்தால் மேலாளர் திகைத்திருக்க மாட்டார்.

ஐந்தாவது ஸ்லைடில்தான் சிக்கல். “விற்பனை அட்டவணை நீளம், எடுத்துவிடலாம்” என்கிறார் இயக்குநர். “வங்கி முதலில் கேட்பதே அதைத்தான்” என்று கணக்காளர் தனிக் கருத்தாக எழுதுகிறார். மேலாளர் ஒன்றுக்கு மட்டும் இணங்கிவிட்டு இரண்டிலும் டிக் அடித்தால், மறுநாள் இயக்குநர் போன் செய்வார். அதற்குப் பதில் இயக்குநரின் கருத்துக்குக் கீழேயே பதில் எழுதி, @ குறியுடன் கணக்காளரின் மின்னஞ்சலைச் சேர்த்து, பொறுப்பை அவருக்கு ஒதுக்குகிறார். கணக்காளருக்கு மின்னஞ்சல் போகிறது. அட்டவணையை மூன்று வரியாகச் சுருக்கி, முழு விவரத்தைக் கடைசி ஸ்லைடுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார் அவர். மேலாளர் அப்படியே மாற்றுகிறார். “மூன்று வரி இங்கே, மீதி 12-இல்” என்று பதில் போட்ட பிறகே டிக் அடிக்கிறார்.

அந்த ஒரு வரிப் பதிலை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். டிக் அடித்த கருத்து ஸ்லைடிலிருந்து மறைந்துவிடுகிறது. திருத்தம் நடந்ததா என்று மென்பொருள் பார்ப்பதில்லை. கருத்து கேட்டவருக்கோ, தன் பேச்சைக் காற்றில் விட்டதாகத் தோன்றும். சந்தேகம் வந்தால் கருத்து வரலாற்றைத் திறக்கலாம். தீர்த்த கருத்துகள் அங்கே பதில்களோடு இருக்கும், வேண்டியதை மறுபடி திறக்கவும் முடியும். டிக்குக்குப் பதிலாக அழித்துவிட்டால் இந்தத் தடயம் கிடைக்காது. ஏற்காத யோசனையையும் காரணம் எழுதித் தீர்ப்பதுதான் முறை.

வங்கிக்கு அனுப்புவது PDF ஆக இருக்கட்டும். நகல் எடுத்துப் பகிர்வதானால், கருத்துகளையும் நகலெடுக்கும் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “இந்தக் கணக்கு நம்பும்படி இல்லையே” என்ற இயக்குநரின் வரியை வங்கி மேலாளர் படிக்க வேண்டியதில்லை.