அறுநூறு ரூபாயில் ஆள் நிற்கிறதா?

தரகு அலுவலகத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "அறுநூறு உடையாது சார், கீழே ஆள் நிக்குது." பங்கு விலை 600 ரூபாய்க்குக் கீழே போகாது, அந்த விலையில் யாரோ பெரிய அளவில் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், மார்க்கெட் டெப்த் திரையைக் காட்டுவார்கள். அங்கே 600.00 என்ற வரிக்கு நேரே பெரிய எண் ஒன்று இருக்கும்.

அந்த எண் உண்மையிலேயே ஆளா, அல்லது கொல்லையில் நட்ட சோளக்கொல்லை பொம்மையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கழித்தல் கணக்குப் போடவேண்டும்.

முதல் பட்டியல் மார்க்கெட் டெப்த். இன்னும் நடக்காத வியாபாரம் இதில் இருக்கிறது. இடது பக்கம் வாங்க நிற்பவர்கள், வலது பக்கம் விற்க நிற்பவர்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று தகவல்: விலை, அந்த விலையில் எத்தனை பங்குகள், எத்தனை ஆர்டர்கள். நம் ஊர் செயலிகள் பொதுவாக இரு பக்கமும் ஐந்து வரிகளைக் காட்டுகின்றன. சில தரகர்கள் இருபது வரிகள் வரை தருகிறார்கள்.

இரண்டாவது பட்டியலுக்கு டைம் அண்ட் சேல்ஸ் என்று பெயர். பழைய ஆட்கள் 'டேப்' என்பார்கள். நடந்து முடிந்த வியாபாரம் இதில் வரிசையாக ஓடும்: எந்த நொடியில், எந்த விலையில், எத்தனை பங்கு கைமாறியது. டெப்த் ஒரு வாக்குறுதி. அதைக் கொடுத்தவர் நொடியில் திரும்பப் பெறலாம், அபராதம் கிடையாது. டேப்பில் ஏறியது பணம் கைமாறிய பிறகு வருவது. அதை யாராலும் அழிக்க முடியாது.

புரிவதற்காக ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். விலை 600 ரூபாயை ஒட்டி ஆடுகிறது, குறைந்தபட்ச விலை இடைவெளி 5 பைசா. இங்கேயே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஐந்து வரிகள் என்றால் மொத்தம் 20 பைசா தூரம்தான் தெரியும். வாங்க நிற்பவர்களில் முதல் ஆள் 600.20-க்கு இறங்கி வந்த பிறகுதான் 600.00 வரி நம் திரையில் கடைசி வரியாக எட்டிப் பார்க்கும். அதற்கு முன் அங்கே எவ்வளவு இருந்தது என்பது ஐந்து வரிக்காரருக்குத் தெரியாது. பட்டியலுக்கு அடியில் 'மொத்தம் வாங்க' என்று ஓர் எண் ஓடும். அது 560 ரூபாயில் போட்டுவிட்டுப் போன ஆர்டரையும் சேர்த்துக் கூட்டியது. 600 காக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு அது உதவாது.

காலை 10.42

வாங்குபவர் விலை 600.00, விற்பவர் விலை 600.10. 600.00 வரியில் 95 ஆர்டர்கள், 18,000 பங்குகள். அன்றைய மொத்த வால்யூம் 6,40,000. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு நிமிடம் கழித்து வால்யூம் 6,95,000. அதாவது 55,000 பங்குகள் கைமாறியிருக்கின்றன. டேப்பைப் பார்த்தால் அதில் 40,000 பங்குகள் சரியாக 600.00-ல் விற்கப்பட்டவை. விற்பவர்கள் காத்திருக்கப் பொறுமையில்லாமல், வாங்குபவர் நிற்கும் விலைக்கே இறங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் 600.00 வரியில் இப்போதும் 15,000 நிற்கிறது.

கணக்கைப் போடுவோம். இருந்தது 18,000. அங்கே விற்கப்பட்டது 40,000. எல்லாம் தீர்ந்து, 22,000 பற்றாமல் போயிருக்கவேண்டும். ஆனால் 15,000 மிச்சம் இருக்கிறது. அப்படியானால் இடைப்பட்ட நேரத்தில் குறைந்தது 37,000 பங்குகளுக்குப் புது ஆர்டர் அதே விலையில் வந்திருக்கிறது. இதுதான் ஆள் நிற்பதன் அடையாளம். வந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, விலையை 5 பைசாகூட இறங்கவிடாமல் ஒரு கை தாங்கியிருக்கிறது.

அந்தக் கை ஏன் 55,000 வேண்டும் என்று முதலிலேயே காட்டவில்லை? காட்டினால் விற்பவர்கள் விலையைக் கூட்டிவிடுவார்கள். அதனால்தான் மறைத்து வாங்க ஒரு வசதி இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் ஆர்டர் போடும்போது 'டிஸ்குளோஸ்டு குவாண்டிட்டி' என்ற கட்டத்தை நிரப்பினால், அந்த அளவு மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும். குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் காட்டியாகவேண்டும் என்பது விதி. 50,000 வாங்க விரும்புபவர் 5,000 மட்டும் காட்டலாம். அது தீர்ந்ததும் அடுத்த 5,000 மேலே வரும். திரையில் ஓர் எண் கரைந்து, மறுபடி ஏறக்குறைய அதே அளவுக்கு நிரம்பிக்கொண்டே இருந்தால் இப்படிப்பட்ட ஆர்டரை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய ஆர்டரைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போடும் கணினி நிரல்களும் இதே தடத்தைத்தான் விடும்.

ஆனால் தாங்கியதோடு வேலை முடியவில்லை. அடுத்த நான்கு நிமிடத்தையும் பார்க்கவேண்டும். 600.00-ல் விற்பனை 4,000 பங்குகளாகச் சுருங்குகிறது. டேப்பில் இப்போது 600.10, 600.15, 600.25 என்று விற்பவர் விலையில் வியாபாரம் ஓடத் தொடங்குகிறது. அவசரம் கைமாறிவிட்டது. முன்பு விற்பவர் இறங்கி வந்தார், இப்போது வாங்குபவர் ஏறிப் போகிறார். தாங்குதலும் இந்தத் திருப்பமும் சேர்ந்து வந்தால்தான் 600 காக்கப்பட்டது என்று சொல்லலாம். தாங்குதல் மட்டும் இருந்து, திருப்பம் வராமல் விலை 600-லேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால், விற்பவரிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று பொருள்.

பகல் 1.20

விலை மறுபடி 600-ஐ நோக்கி இறங்குகிறது. வாங்குபவர் விலை 600.20 ஆனதும் கடைசி வரி கண்ணில் படுகிறது: 600.00-ல் 60,000 பங்குகள். காலையில் இருந்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். அரங்கில் உற்சாகம். ஆனால் ஆர்டர் எண்ணிக்கையைப் பாருங்கள்: நான்கு. காலையில் 18,000 பங்குகளுக்கு 95 பேர் இருந்தார்கள். இப்போது 60,000-க்கு நாலே பேர். அது மட்டுமே குற்றமில்லை, ஒரு பரஸ்பர நிதி அப்படிக் காட்டியும் வாங்கலாம். ஆனாலும் கண் வைக்கவேண்டிய இடம் அது.

வாங்குபவர் விலை 600.10-க்கு வருகிறது. 60,000 இப்போது 34,000. விலை அந்த வரியை இன்னும் தொடவே இல்லை, ஒரு பங்குகூட அங்கே விற்கப்படவில்லை. 600.05-க்கு வந்ததும் 9,000. கடைசியில் 600.00-ல் 3,000 பங்குகள் மட்டும் விற்கின்றன, வரியில் 6,000 மிச்சம். அதுவும் மறைந்து, அடுத்த சில நொடிகளில் விலை 599.70.

மறுபடி கழித்துப் பார்ப்போம். 60,000-லிருந்து 6,000 ஆனது, போனது 54,000. அதில் விற்பனையால் போனது 3,000. மீதி 51,000 ரத்து செய்யப்பட்டது. சுவர் இடிக்கப்படவில்லை, தானே எழுந்து நடந்துவிட்டது.

உண்மையாக வாங்க நினைப்பவர் இப்படிச் செய்யமாட்டார். அதற்குக் காரணம் சந்தையின் வரிசை முறை. ஒரே விலையில் நிற்பவர்களில் முதலில் வந்தவருக்கே முதலில் பங்கு கிடைக்கும். ரேஷன் கடை வரிசை போலத்தான். விலகிவிட்டுத் திரும்பி வந்தால் கடைசியில் நிற்கவேண்டும். பொருள் வேண்டும் என்று காத்திருப்பவர், கடை திறக்கும் நேரத்தில் வரிசையை விட்டுப் போவாரா? விலை நெருங்கும்போதெல்லாம் விலகுகிறவர் பங்கு வாங்க வந்தவர் அல்ல. செய்தி ஏதோ வந்து பயந்து ஓடியிருக்கலாம். அல்லது மற்றவர்களை நம்பவைத்து, மேல் விலையில் தன் சரக்கைத் தள்ள வந்திருக்கலாம்.

பின்னதற்கு 'ஸ்பூஃபிங்' என்று பெயர். இதில் பெயர் பெற்ற வழக்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பெற்றோர் வீட்டிலிருந்து வியாபாரம் செய்த நவீந்தர் சிங் சராவோவுடையது. அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்ட 2010 மே 6 அன்று, அவர் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் 'ஈ-மினி' ஒப்பந்தங்களில் பெரிய விற்பனை ஆர்டர்களை அடுக்கிவைத்தார். அவருடைய நிரல் அவற்றை நடப்பு விலையிலிருந்து சில படிகள் தள்ளியே வைத்திருந்தது. விலை நகர நகர அவையும் நகர்ந்தன. அன்று ஏறத்தாழ 19,000 முறை அவை மாற்றப்பட்டு, கடைசியில் ரத்தாயின என்று அமெரிக்க அதிகாரிகள் கூறினர். அந்தச் சரிவுக்கு அவர் ஒருவர் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பூஃபிங் குற்றத்தை 2016-ல் அவர் ஒப்புக்கொண்டார். இங்கேயும் 2025 ஏப்ரலில் இதே வகைப் புகாரில் ஒரு தரகு நிறுவனத்துக்கு எதிராக செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

கணக்கு எங்கே தவறும்?

பொம்மை இல்லாமலும் 600 உடையலாம். 20,000 நிற்கிறது, 20,000-மும் நேர்மையாக விற்றுத் தீர்கிறது, புதிதாக யாரும் வரவில்லை. அங்கே ஆள் இருந்தார், அவரிடம் பணம் தீர்ந்தது, அவ்வளவுதான். காலையில் 600-ஐத் தாங்கியவருக்கும் ஓர் அளவு இருக்கும். நிரம்பும் வேகம் குறைவதும், தாங்கியபின் எழும் உயரம் முறைக்கு முறை சுருங்குவதும் அவர் களைக்கிறார் என்பதற்கு முன்னறிவிப்பு. ஒரு ரூபாய் எழுந்த விலை அடுத்த முறை ஐம்பது பைசாதான் எழுகிறது என்றால், மூன்றாவது முறை அதே வாசலில் நம்பி நிற்பது சரியல்ல.

திரையின் குறையும் ஒன்று. கைப்பேசிச் செயலிக்கு வருவது ஒவ்வொரு வியாபாரமும் அல்ல, இடைவெளி விட்டு எடுத்த படங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே வந்து மறைந்த ஆர்டரை நாம் பார்க்கமாட்டோம். பல செயலிகளில் டேப்பும் கிடையாது. அப்போது அன்றைய வால்யூமின் வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தவேண்டும். விலை 600-ஐ விட்டு நகராத நிமிடங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். விலை மேலும் கீழும் ஆடினால் எவ்வளவு எந்த விலையில் விற்றது என்பது கலந்துவிடும். சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பதே நல்லது. தினமும் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு நிறுவனங்களில் இது சுத்தமாக உதவாது. அங்கே ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கக்கூடும்.

அடுத்த முறை பக்கத்து நாற்காலிக்காரர் கீழே ஆள் நிற்கிறது என்றால் மூன்று எண்களைக் கேளுங்கள்: முன்பு எவ்வளவு நின்றது, அங்கே எவ்வளவு விற்றது, இப்போது எவ்வளவு நிற்கிறது? விற்றது நின்றதைவிட அதிகமாகியும் வரி காலியாகவில்லை என்றால் ஆள் இருக்கிறார். விற்காமலேயே வரி கரைந்தால் இல்லை. மூன்று எண்ணும் அவரிடம் இல்லையென்றால், அவர் சொல்லை நம்பிப் பணம் போடாதீர்கள்.